ஒரு லிட்டர் என்றால் எந்தப் பாத்திரம்?

டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். நீங்கள் அனுப்பிய பவர்பாயிண்ட்டை முழுக்கப் பார்த்தேன். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி மருத்துவர்களுக்கு அது நல்ல பாடம். ஆனால் கிராம சுகாதார செவிலியர் வீடுவீடாக எடுத்துப்போகும் துண்டறிக்கைக்கு அந்த ஸ்லைடுகளைச் சுருக்கினால் போதாது. பேதியாகும் நாளில் தாய் செய்ய வேண்டியதை மட்டும் தனியே எடுங்கள். ரோட்டா வைரஸ் வரைபடமும், குடல் உப்பை உறிஞ்சும் விதமும் பயிற்சி வகுப்போடு இருக்கட்டும்.

'ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.ஸை ஒரு லிட்டர் நீரில் கரைக்கவும்' என்ற ஸ்லைடைப் பாருங்கள். சரியான வரிதான். ஆனால் பல வீடுகளில் லிட்டர் அளவு கிடையாது, தம்ளர்தான் உண்டு. 200 மில்லி தம்ளரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் உப்பு ஐந்து மடங்காகிவிடும். ரத்தத்தில் உப்பு ஏறி, குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். அதனால் பெட்டிக்கடையில் கிடைக்கிற ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வரைந்துவிடுங்கள். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடைகளில் உண்டு. பாக்கெட்டில் எந்த அளவு போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லியே ஆகவேண்டும். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும்.

உங்கள் ஸ்லைடில் இல்லாத ஒன்றை முதல் வரியாகவே போடுங்கள்: ஓ.ஆர்.எஸ். பேதியை உடனே நிறுத்தாது, போன நீரையும் உப்பையும் திரும்பத் தரும். இதைச் சொல்லாவிட்டால், இரண்டு தடவை கொடுத்தும் நிற்கவில்லையே என்று ஊசி போடக் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும், இரண்டு வயதுக்குள் என்றால் கால் முதல் அரைத் தம்ளர், அதற்கு மேல் அரை முதல் முழுத் தம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

ஜிங்க் மாத்திரை 14 நாள். பேதி நின்றதும் பலர் விட்டுவிடுவார்கள். அதனால் 14 கட்டங்கள் போட்டு, தினமும் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள்.

'நீரிழப்பு அறிகுறிகள்' என்பதும் கண்ணால் பார்க்கிறபடி மாறவேண்டும். கண் குழிவிழுந்திருக்கிறதா, எழுப்பினாலும் தூங்கி விழுகிறதா, குடிக்க முடியவில்லையா, மலத்தில் ரத்தமா? ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

அச்சடிக்கும் முன் ஒரு தாயிடம் காட்டுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் மரியாதைக்கு 'ம்' என்பார். பாக்கெட்டைக் கொடுத்து, 'கரைத்துக் காட்டும்மா' என்று கேளுங்கள். கை தம்ளருக்குப் போனால் படத்தை மாற்றவேண்டும். அடியில் 108க்குப் பக்கத்தில், செவிலியர் தன் கைப்பேசி எண்ணை எழுத இடம் விடுங்கள், கொஞ்சம் நீளமாகவே.