26 டாலருக்குப் போன தறி

1981-ல் அந்தத் தறியின் விலை 5,000 டாலர். சில வருடம் கழித்து மில்லை மூடிவிட்டு ஏலம் போட்டபோது, 50 டாலருக்குக்கூடக் கேட்பாரில்லை. கடைசியில் தறிக்கு 26 டாலர் என்று பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டார்கள். கழற்றி வெளியே எடுத்த செலவு அதைவிட அதிகம். நஷ்டப்பட்டவர் ஏமாளி அல்ல, வாரன் பஃபெட்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டில் இருந்த அந்த மில்தான் பெர்க்‌ஷயர் ஹாத்வே. பஃபெட் அதை 1965-ல் தன் கைக்குள் கொண்டுவந்து இருபது வருடம் இழுத்துப் பார்த்தார். 1985-ல் துணித் தொழிலையே மூடினார். இந்த ஏலக் கணக்கைப் பங்குதாரர்களுக்கு அவரே ஒளிக்காமல் எழுதினார். இயந்திரங்களை வாங்க ஆன மொத்தச் செலவு சுமார் 1.3 கோடி டாலர். தேய்மானம் போக ஏட்டில் நின்ற மதிப்பு 8,66,000 டாலர். அதே அளவு இயந்திரங்களைப் புதிதாக வாங்கினால் 3 கோடி முதல் 5 கோடி டாலர் வரை ஆகும். ஏலத்தில் கிடைத்ததோ 1,63,122 டாலர்.

இந்த எண்களில் எல்லோரும் பேசுவது கடைசி எண்ணைப் பற்றித்தான். எனக்கு முக்கியமாகப் படுவது முதலும் மூன்றாவதும். 1.3 கோடிக்கு வாங்கிய சரக்கை மாற்ற 3 கோடிக்கு மேல் வேண்டும். ஆனால் கணக்கர் ஒவ்வொரு வருடமும் தேய்மானம் எழுதுவது பழைய 1.3 கோடியின் மேல்தான். அதாவது இயந்திரம் தேய்வதற்காக லாபத்தில் கழிக்கும் தொகை, அதே இயந்திரத்தை மறுபடி வாங்கப் போதாது. லாபம் என்று காட்டியதில் ஒரு பகுதி ஏற்கெனவே அடுத்த இயந்திரத்துக்குச் சொந்தம்.

நம் ஊர்க் கணக்கில் இதைப் போட்டுப் பார்க்கலாம். கோவைப் பக்கம் ஒரு சின்ன நூற்பு மில் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரங்களைப் பல வருடம் முன்பு 45 கோடி ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள். கம்பெனிச் சட்டப்படி பொதுவான இயந்திரங்களின் ஆயுள் 15 வருடம் என்பதால், தேய்மானம் வருடத்துக்குத் தோராயமாக 3 கோடி. வரி எல்லாம் போக நிகர லாபம் 5 கோடி. தேய்மானம் ஏட்டில் எழுதும் செலவுதான், அந்த வருடம் யாருக்கும் காசாகக் கொடுத்ததில்லை. அதைத் திரும்பச் சேர்த்தால் 8 கோடி. பஞ்சு இருப்பு கூடியதிலும், நூல் வாங்கியவர்கள் பாக்கி வைத்ததிலும் 1 கோடி முடங்கியிருக்கிறது. மீதி 7 கோடி. தொழிலை நடத்தியதில் கைக்கு வந்த ரொக்கம் இது.

இனி இயந்திரம். அதே 45 கோடிச் சரக்கின் இன்றைய விலை 75 கோடி என்றால், 15 வருடத்துக்குப் பங்கிட்டு வருடத்துக்கு 5 கோடி. அதைக் கழித்தால் மிச்சம் 2 கோடி. ஏட்டில் லாபம் 5 கோடி, முதலாளிகள் தொழிலுக்குப் பங்கம் வராமல் எடுத்துக்கொள்ளக்கூடியது 2 கோடி. அதிலும் வங்கிக் கடனின் அசல் தவணை கட்ட வேண்டியிருந்தால் டிவிடெண்டுக்கு இன்னும் சுருங்கும்.

செயல்பாட்டில் வந்த ரொக்கத்தில் இயந்திரச் செலவைக் கழித்து நிற்பதைத்தான் பங்குச் சந்தையில் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்கிறார்கள். பஃபெட் 1986-ம் வருடக் கடிதத்தில் சொன்ன கணக்கும் ஏறக்குறைய இதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் கழிக்கச் சொன்னது அந்த வருடம் செலவழித்ததை அல்ல. போட்டியில் இருக்கும் இடத்தையும் விற்கும் அளவையும் காப்பாற்றிக்கொள்ள வருடத்துக்குச் சராசரியாக எவ்வளவு வேண்டுமோ அதை. இந்த வித்தியாசம் பெரியது. நம் மில் ஒரு வருடம் ஒன்றும் வாங்காமல் விட்டால் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ 7 கோடி என்று மின்னும். அடுத்த வருடம் 20 கோடிக்கு ரிங் ஃபிரேம் இறக்கினால் மைனஸ் 13 கோடி. இரண்டையும் தனியாகப் பார்த்தால் தப்பாகத்தான் புரியும். எட்டு, பத்து வருடத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போட்டியில் இருக்கும் இடம் என்ற அந்தச் சொல்லில்தான் துணி மில்காரர்கள் மாட்டினார்கள். புதுத் தறி போட்டால் கூலி இவ்வளவு மிச்சம், போட்ட பணம் இத்தனை வருடத்தில் திரும்பும் என்று ஒவ்வொரு திட்ட அறிக்கையும் அழகாகச் சொல்லும். பக்கத்து மில்லும் அதே தறியைப் போடும். எல்லோருக்கும் செலவு குறைந்ததும் துணி விலை இறங்கும், மிச்சமானது வாங்குபவர் பைக்குப் போய்விடும். போடாமலும் இருக்க முடியாது. போடாதவன் முதலில் மூடுவான். அமெரிக்கத் துணித் தொழிலில் மிகப் பெரிய கம்பெனியாக இருந்த பர்லிங்டன், 1964-க்கும் 1985-க்கும் இடையில் இயந்திரம் கட்டடம் என்று சுமார் 300 கோடி டாலர் போட்டது. 60 டாலர் விலையுள்ள பங்கு ஒன்றுக்கு 200 டாலருக்கு மேல் செலவு என்று பஃபெட் கணக்குச் சொன்னார். விற்பனை 120 கோடியிலிருந்து 280 கோடி டாலர் ஆனது. அதே காலத்தில் அமெரிக்க விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறியதைச் சேர்த்துப் பார்த்தால் அது வளர்ச்சியே அல்ல. விரிவாக்கம், நவீனமயம் என்று எந்தப் பெயர் போட்டிருந்தாலும் அந்தப் பணத்தில் பெரும்பகுதி இருந்த இடத்தில் நிற்பதற்கான செலவு.

அதே பஃபெட் குழுமம் 1972-ல் சீஸ் கேண்டீஸ் என்ற கலிஃபோர்னியா மிட்டாய்க் கம்பெனியை 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2007 வரை அந்தத் தொழிலில் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது 3.2 கோடி. அந்தக் காலத்தில் வரிக்கு முன் வந்த லாபம் 135 கோடி. மிட்டாய் காய்ச்சும் அடுப்பில் போட்டியாளன் என்ன புதுமை செய்தாலும் அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்குகிறவர் அதைக் கண்டுகொள்வதில்லை.

பங்கு வைத்திருக்கும் சாதாரண ஆள் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆண்டறிக்கையில் ரொக்க ஓட்ட அறிக்கை இருக்கும். செயல்பாட்டில் வந்த ரொக்கம் ஒரு வரி, சொத்து, இயந்திரம் வாங்கியது இன்னொரு வரி. இரண்டாவதில் பராமரிப்புக்குப் போனது எவ்வளவு, வளர்ச்சிக்குப் போனது எவ்வளவு என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். நாமேதான் பிரிக்க வேண்டும். பத்து வருடத்தில் கதிர்களின் எண்ணிக்கையும் உற்பத்தியான நூலின் கிலோவும் அப்படியே இருந்தால், போட்ட அத்தனையும் பராமரிப்பு. ரூபாயில் விற்பனை ஏறியதை வைத்து முடிவு செய்யக் கூடாது, அதில் விலை ஏற்றம் கலந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்துத் தில்லுமுல்லும் உண்டு. கம்பெனியை விற்கப் போகிறவரோ, டிவிடெண்டை நிறுத்த மனமில்லாதவரோ, இயந்திரச் செலவைத் தள்ளிப்போட்டால் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ உடனே கொழுக்கும். வருடக்கணக்கில் இயந்திரச் செலவு தேய்மானத்துக்குக் கீழேயே இருப்பது முதல் அடையாளம். லாப நஷ்டக் கணக்கில் பழுதுபார்ப்புச் செலவும் சேர்ந்து குறைந்தால் சந்தேகம் வலுக்கும். டிராவலர் மாற்றுவதையும் கார்டிங் கம்பி மாற்றுவதையும் தள்ளிப்போட்ட மில்லில் நூல் அறுவது கூடும், தரம் இறங்கும். இயந்திரங்கள் கிழடு தட்டினால் கிலோ நூலுக்கு ஆகும் கரண்ட் யூனிட்டும் மெல்ல ஏறும். மில்காரர்கள் இதை யு.கே.ஜி. என்பார்கள், உள்ளே நிலைமை எப்படி என்று பார்க்க முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஆண்டறிக்கையில் அது இல்லாவிட்டால், மின்செலவை உற்பத்தியால் வகுத்துப் பார்க்கலாம். மின்கட்டண உயர்வைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தாலும், பராமரிப்புக்கு வருடம் எவ்வளவு என்பது ஊகமாகவே இருக்கும். பஃபெட்டும் அதை ஒப்புக்கொண்டே எழுதினார். ஆனால் மில் நிர்வாகத்திடம் ஊகம் அல்லாத ஒரு பதில் இருக்கும். வருடாந்திரக் கூட்டத்தில் பங்குதாரர் கேட்கலாம்: ஒரு கதிர்கூடக் கூட்டாமல், இதே நூலை இதே தரத்தில் இன்னும் பத்து வருடம் ஓட்ட மொத்தம் என்ன செலவாகும்? மேடையிலிருந்து தேய்மானத் தொகையையே பதிலாகப் படித்தால், அந்த இயந்திரங்களை எந்த வருடம் வாங்கினார்கள் என்பது அடுத்த கேள்வி.