நூற்றைத் தாண்டும் சதவீதம்

தேநீர் ஆறுவதற்குள் அக்கா மகள் ஒரு தாளை நீட்டினாள். பிரெட் செய்முறை. மைதா 100, தண்ணீர் 65, உப்பு 2, ஈஸ்ட் 1, எல்லாம் சதவீதத்தில்.

“கூட்டினா 168 வருதே சித்தி, அச்சுப் பிழையா?”

பிழை இல்லை. பேக்கரிக்காரர்கள் போடும் கணக்கு இப்படித்தான். மாவின் எடையை 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதை ஒட்டியே சொல்வார்கள். ஒரு கிலோ மைதாவுக்கு 650 கிராம் தண்ணீர், 20 கிராம் உப்பு, 10 கிராம் உலர் ஈஸ்ட். அவ்வளவுதான்.

“மொத்தத்தை நூறுன்னு வெச்சா என்ன?”

வைத்துப் பார்ப்போம். பிசைந்தது மொத்தம் 1,680 கிராம். அதில் உப்பு 1.19 சதவீதம். மாவு இறுக்கமாக இருக்கிறதென்று 50 கிராம் தண்ணீர் தெளிக்கிறாய். உப்பு டப்பாவைத் தொடவே இல்லை, ஆனாலும் உப்பு 1.16 சதவீதமாக இறங்கிவிடும். ஈஸ்ட், மைதா கணக்கும் கூடவே ஆடும். மைதாவை அடிப்படையாக வைத்தால் தண்ணீர் மட்டும் 65லிருந்து 70 ஆகும், மற்றவை அசையாது.

எத்தனை ரொட்டிக்கு வேண்டுமானாலும் இதே தாள் போதும். தலா 450 கிராம் பிசைந்த மாவு பிடிக்கும் நாலு டின் இருக்கிறதா? மொத்தம் 1,800. அதை 1.68ஆல் வகுத்தால் மைதா 1,071 கிராம். அதில் 65 சதவீதம், 696 கிராம் தண்ணீர். உப்பு 21, ஈஸ்ட் 11. வேறொரு செய்முறையில் அரைக் கிலோ மைதாவுக்கு 20 கிராம் உப்பு என்றிருந்தால், அது 4 சதவீதம், வழக்கத்தைவிட இரு மடங்கு என்று அடுப்பு மூட்டும் முன்பே தெரிந்துவிடும். கரிப்பது ஒரு பக்கம், அவ்வளவு உப்பில் ஈஸ்ட்டும் மந்தமாகும்.

ஒரு இடத்தில் மட்டும் பலர் சறுக்குவார்கள். ஈஸ்ட்டுக்குப் பதில், மைதாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து புளிக்கவைத்த மாவு 200 கிராம் சேர்க்கிறோம் என்று வை. அதோடு 900 கிராம் மைதா, 550 கிராம் தண்ணீர். 550ஐ 900ஆல் வகுத்தால் 61 சதவீதம்தான் வரும். ஆனால் புளித்த மாவுக்குள் 100 மைதாவும் 100 தண்ணீரும் ஒளிந்திருக்கின்றன. உண்மையில் 1,000 மைதாவுக்கு 650 தண்ணீர், அதாவது 65. இரண்டு வகை மாவு கலந்தாலும் இதே விதி: கோதுமை 30, மைதா 70, சேர்ந்துதான் 100.

“என் பழைய செய்முறையில ரெண்டு கப் மைதான்னுதானே இருக்கு?”

தராசை எடுத்து வைத்தேன். தளர்வாக ஒரு கப் அள்ளி வைத்தாள்: 122 கிராம். அதே கப்பில் அழுத்தி அள்ளினாள்: 148. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவள், தாளில் இருந்த 65ஐ விரலால் தொட்டுக் கேட்டாள்:

“இதுல எந்தக் கப்புக்கு?”