மாமனார் வீட்டில் மருமகளுக்கு இடம் உண்டா?

புது தில்லி: அடிக்கும் கணவரைத் தடுக்க மாஜிஸ்திரேட் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். ஆனால், மனைவியையே வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டால் அந்த ஆணையால் பயன் சொற்பமே. அதனால்தான், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையையும் 17, 19-ஆவது பிரிவுகளில் சேர்த்தது. வீட்டில் கணவருக்கோ மனைவிக்கோ சொத்துரிமை இருக்க வேண்டியதில்லை என்றும் அது கூறியது.

சட்டம் 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் 15-இலேயே உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைச் சுருக்கிவிட்டது. தில்லியில் மாமியாருக்குச் சொந்தமான வீட்டின் இரண்டாம் தளத்தில் வசிக்க மருமகள் உரிமை கோரிய வழக்கு அது. கணவருக்குச் சொந்தமான வீடு, அவர் வாடகைக்கு எடுத்த வீடு, அவர் உறுப்பினராக உள்ள கூட்டுக் குடும்பத்தின் வீடு ஆகியவை மட்டுமே ‘பகிர்ந்து வாழும் இல்லம்’ என நீதிபதிகள் எஸ்.பி. சின்ஹா, மார்க்கண்டேய கட்ஜு ஆகியோர் தீர்ப்பளித்தனர்.

பெற்றோர் பெயரிலுள்ள வீட்டில் மகன் குடும்பம் நடத்துவது நம் நாட்டில் சர்வசாதாரணம். ‘வீடு என்னுடையது’ என்று மாமனார் வழக்குத் தொடுத்தாலே மருமகள் வெளியேற வேண்டிய நிலை உருவானது. கணவர் வாய் திறக்காமல் ஒதுங்கி நின்றால் போதும்.

இந்நிலையை மாற்றியதும் ஒரு தில்லி வழக்குதான். மாமனாரின் வீட்டில் முதல் தளத்தில் தம்பதியர் வசித்தனர். மகன் விவாகரத்துக் கோரினார். மருமகள் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் சென்று, தம்மை வெளியேற்றக் கூடாதென 2016-இல் இடைக்கால ஆணை பெற்றார். மறு ஆண்டே மாமனார் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வீடு அவருக்கே சொந்தம் என்பதை வைத்து, முழு விசாரணையின்றியே 2019-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

மாமனாரின் மேல்முறையீட்டில், 2020 அக்டோபர் 15-இல் நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூவர் அமர்வு, 2006-ஆம் ஆண்டு விளக்கம் சரியான சட்டமன்று என்று அறிவித்தது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும் பகிர்ந்து வாழும் இல்லமாகலாம் என்றது.

எனினும், இது வசிப்பதற்கான உரிமையே தவிர, சொத்தில் பங்கு அன்று. விருந்தாளியாகச் சில நாள்கள் தங்கிய உறவினர் வீட்டுக்கு இது பொருந்தாது. நிலையாக வாழும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். வீட்டு உரிமையாளரும் உரிய சட்ட நடைமுறைப்படி வெளியேற்றம் கோரலாம். முதியோரின் நிம்மதியையும் நீதிமன்றம் எடைபோட வேண்டும் என்றே அத்தீர்ப்பு கூறுகிறது. அதே தரத்தில் மாற்று வீடோ, அதற்கான வாடகையோ கணவர் தர வேண்டும் என ஆணையிடவும் 19-ஆவது பிரிவில் இடமுண்டு.