சீரகத்தில் பாதாம் இருந்ததா?

உணவுப் பகுப்பாய்வுத் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது: ‘நோய்க்கிருமியையும் ஒவ்வாமைப் பொருளையும் கண்டறியும் பிசிஆர், எலைசா முறைகளை ஒப்பிடுக.’ பிசிஆர் தேடுவது டிஎன்ஏவை, எலைசா பிடிப்பது புரதத்தை என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரியின் கனம் 2015-இல் பிரிட்டனில் தெரிந்தது.

அங்கே விற்ற சீரகப் பொடி ஒன்றில் பாதாம் புரதம் இருப்பதாக எலைசா காட்டியது. லேபிளில் பாதாம் இல்லை. ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் பொடி கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

எலைசாவுக்கு 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு போதும். குழியின் அடியில் பாதாம் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி பூசியிருக்கும். பொடியைக் கரைத்து ஊற்றிக் கழுவினால் புரதம் மட்டும் ஒட்டி நிற்கும். அதன்மேல் நொதி பூட்டிய இன்னொரு ஆன்டிபாடியைச் சேர்த்து, மறுபடி கழுவி, நிறமேற்றும் திரவத்தை விட்டால் நீலம் படரும். அமிலம் ஒரு சொட்டு விழுந்ததும் மஞ்சளாகும். மஞ்சள் அடர்ந்தால் புரதம் அதிகம்.

ஆனால் ஆன்டிபாடி பெயரைப் பார்ப்பதில்லை, வடிவத்தைத்தான் பார்க்கிறது. பாதாமின் பங்காளியான ‘மஹலெப்’ என்ற காட்டுச் செர்ரியின் விதைப் பருப்பு துருக்கிச் சமையலில் மசாலாவாகிறது. அதன் புரதத்தையும் பாதாம் என்றே நினைத்து ஆன்டிபாடி பிடித்துக்கொண்டது.

சந்தேகம் தீர, பிரிட்டன் அரசின் நடுவர் ஆய்வகம் பிசிஆரையும் கையில் எடுத்தது. மாதிரியை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் டிஎன்ஏவின் இரு இழைகள் பிரியும். 60 டிகிரி வாக்கில் ஆற விட்டால், மஹலெப்புக்கே உரிய துண்டில் மட்டும் ஒட்டும் ‘பிரைமர்’ போய் உட்காரும். நொதி அந்தத் துண்டை நகலெடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. குறையின்றி நடந்தால் 30 சுற்றில் ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டும். சீரகத்தில் இருந்தது மஹலெப்தான் என்று உறுதியானது, அதே ஆண்டு அறிவிப்பும் விலக்கப்பட்டது.

அப்படியானால் பிசிஆர்தான் ஒசத்தியா? முட்டையைச் சோதித்துப் பாருங்கள். கோழிக்கறிக்கும் முட்டைக்கும் டிஎன்ஏ ஒன்றே. எது கலந்தது என்று பிசிஆர் சொல்லாது. அங்கே எலைசாதான் கைகொடுக்கும், அதுவும் அதிக வெப்பத்தில் புரதம் உருக்குலையாமல் இருந்தால்.

சால்மொனெல்லா கதை வேறு. 25 கிராம் பால்பவுடரில் ஒரே ஒரு கிருமி இருந்தாலும் தெரிந்தாக வேண்டும். நேரே பிசிஆர் வைத்தால் அந்த ஒன்று தவறிப்போகும். செத்த கிருமியின் டிஎன்ஏ இருந்தாலோ ‘உண்டு’ என்று காட்டிவிடும். அதனால் பவுடரை முதலில் 225 மில்லி பெப்டோன் நீரில் கலக்கி 37 டிகிரியில் வைத்து, உயிருள்ளதைப் பெருக விடுகிறார்கள். பிசிஆர் ஓடுவது இரண்டு மணி நேரம்தான். கிருமி வளரக் காத்திருப்பது ஓர் இரவு முழுக்க.