கூட்டாளிகளின் உரிமையும் பொறுப்பும்

ஷா ஆலத்தில் இருவர் எழுத்து உடன்படிக்கையின்றிக் கூட்டு வணிகம் தொடங்குவதாகக் கொள்வோம். ஒருவர் 60,000 ரிங்கிட்டும் மற்றவர் 20,000 ரிங்கிட்டும் முதலிட்டனர். ஆண்டு இலாபம் 40,000 ரிங்கிட். முதலீட்டு விகிதப்படி பிரிப்பதே முறையென நாம் எண்ணக்கூடும். ஆனால் 1961ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதபோது சமபங்கையே வழங்குகிறது: ஆளுக்கு 20,000. நட்டமும் அவ்வாறே; உழைப்புக்குத் தனி ஊதியம் இல்லை.

கடன் நிறுவனச் சொத்தை மீறினால், கூட்டாளிகளின் சொந்தச் சொத்தும் அதற்குப் பொறுப்பாகும். 2012ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையோ தனிச் சட்ட ஆள். அதன் கடன் அதனுடையதே. எனினும் தம் கவனக்குறைவால் தீங்கு விளைத்தவர் தாமே பொறுப்பாவார். உடன்கூட்டாளியை அது தொடராது.

பங்கீட்டை எழுதி வைக்காவிடில், அங்கும் சமபங்கே விதி. கடனுக்குத் தடுப்பாகும் அவ்வடிவம், உடன்படிக்கைக்கு ஈடாகாது.