பரு போகட்டும், முகம் இருக்கட்டும்

சில கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் ஒரு வினோதம் கண்ணில் படும். மணப்பெண்ணின் முகம் வழவழவென்று இருக்கும். கழுத்து மட்டும் நிஜத் தோலாக இருக்கும். முகூர்த்த வாரத்தில் கன்னத்தில் வந்து உட்கார்ந்த மூன்று பருக்களை எடுக்கப் போய், ஸ்டூடியோக்காரர் முழு முகத்தையும் தேய்த்துவிட்டார் என்று பொருள். பருவை எடுத்ததில் தப்பில்லை. எடுத்த விதத்தில்தான் தப்பு.

தோல் தோலாகத் தெரிவதற்குக் காரணம் அதிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள். ஒவ்வொரு மயிர்த்துளையும் ஒரு பக்கம் துளி வெளிச்சமும் மறுபக்கம் துளி நிழலுமாகப் படத்தில் பதிகிறது. 'ப்ளர்' என்கிற மங்கலாக்கும் வேலை, அக்கம்பக்கப் புள்ளிகளின் வெளிச்சத்தையெல்லாம் கூட்டிச் சராசரி எடுக்கிறது. சராசரி எடுத்தால் முதலில் காணாமல் போவது அந்தச் சின்ன நிழல்கள்தான். பெரிதாக வீங்கிய பரு அப்போதும் மங்கலாக மிஞ்சும். அதையும் மறைக்க இன்னும் கொஞ்சம் மங்கலாக்குவார்கள். அதற்குள் மூக்குக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கும்.

கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டூடியோக்களில் இந்த வேலையைப் பென்சிலால் செய்தார்கள். பரு அச்சில் கறுப்பாக விழுமென்றால் நெகட்டிவில் அது வெளிறிய புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் கூர்மையான பென்சிலால் மெல்லத் தொட்டுத் தொட்டு அடர்த்தியாக்குவார்கள். அச்சுப் போட்டால் பரு இருக்காது. கெட்ட இடத்தை மட்டும் தொடு, மற்றதை விடு என்பது அப்போதே இருந்த ஒழுங்கு.

கணினியில் அந்த ஒழுங்குக்கு வாகான கருவி 2002-இல் போட்டோஷாப் 7.0 பதிப்போடு வந்த ஹீலிங் பிரஷ். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இதே மாதிரி ஒரு கருவி இருக்கிறது. அது செய்வது இதுதான்: நல்ல தோல் உள்ள ஓர் இடத்தை நாம் காட்டுகிறோம். அங்கிருந்து மேடுபள்ளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் பருவைச் சுற்றியுள்ள தோலிலிருந்து வாங்கிக்கொள்கிறது. கிழிந்த புடவைக்கு அதே புடவையின் முந்தானை உள்மடிப்பிலிருந்து நூல் எடுத்து இழையோட்டுவதற்கு ஒப்பான வேலை. பழைய குளோன் ஸ்டாம்ப் கருவி நிறத்தையும் சேர்த்து அப்படியே நகலெடுக்கும். அதனால் வெளிச்சம் மாறும் கன்னத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். இடப்பக்க ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த மணப்பெண் படம். இடது கன்னத்தில் மூன்று பரு, மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒன்று, மேலுதட்டுக்கு மேல் ஒரு மச்சம்.

முதலில் படத்துக்கு மேல் ஒரு வெற்று லேயர் போட வேண்டும். கருவியின் Sample என்ற இடத்தில் Current & Below என்று வைத்துக்கொண்டால், வேலை எல்லாம் அந்த வெற்று லேயரில் விழும்; அசல் படம் அப்படியே இருக்கும். பிறகு படத்தை 100 சதவீத அளவில் பார்க்க வேண்டும். திரையில் முகம் முழுக்கத் தெரியும்படி சிறிதாக வைத்துக்கொண்டால் மயிர்த்துளையே தெரியாது. தெரியாததை எப்படிக் காப்பாற்றுவது?

தூரிகை பருவைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். பரு 30 பிக்சல் அகலம் என்றால் தூரிகை 35, 40. பெரிய தூரிகை நல்ல தோலையும் சேர்த்து மாற்றிவிடும். ஓரம் கொஞ்சம் கெட்டியாக இருப்பது நல்லது. மிருதுவான ஓரத்தில் பழைய தோலும் புதிய தோலும் பாதிப் பாதியாகக் கலந்து, இரண்டின் துளைகளும் மங்கி, பரு இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வழவழப்பான வளையம் விழும். அவசர வேலையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த வளையம்தான்.

அடுத்தது மாதிரி எடுக்கும் இடம். வேலையின் பாதி சாமர்த்தியம் இதில் இருக்கிறது. போட்டோஷாப்பில் Alt, கிம்ப்பில் Ctrl அழுத்திக்கொண்டு நல்ல தோலைச் சொடுக்க வேண்டும். மூக்கின் துளை பெரியது, கண்ணுக்குக் கீழே தோல் மென்மையானது, தாடையில் பூனைமுடி உண்டு. எனவே கன்னத்துப் பருவுக்குக் கன்னத்திலிருந்தே, அதுவும் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். வெளிச்சத்தின் திசையும் முக்கியம். நம் படத்தில் வெளிச்சம் இடமிருந்து விழுவதால் துளைகளின் நிழல் இடப்பக்கம் இருக்கும். வேறு பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினால் நிழல் ஒத்துப்போகாது. ஏதோ உறுத்துகிறது என்று மட்டும் பார்ப்பவருக்குத் தோன்றும். மூன்று பருவுக்கும் ஒரே இடத்திலிருந்து எடுப்பதும் கூடாது. ஒரே துளைக்கூட்டம் மூன்று தடவை வரும். ஒவ்வொரு தொடுதலுக்கும் இடம் மாற்ற வேண்டும்.

மூக்குத்திக்குப் பக்கத்துப் பருதான் தொல்லை. கருவி ஓரத்திலிருந்து நிறத்தை வாங்குகிறது அல்லவா? ஓரத்தில் தங்கம் இருந்தால் தங்கத்தை வாங்கும். மூக்கில் மஞ்சள் தீற்றல் இழுபடும். குங்குமப் பொட்டு, முடி தொடங்கும் நெற்றி ஓரம், உதட்டு விளிம்பு எல்லா இடத்திலும் இதே கதை. தானாகவே மாதிரி தேடிக்கொள்ளும் ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ஷை இந்த இடங்களில் நம்பவே வேண்டாம். அது நெற்றி நடுவில் தனியாக இருக்கும் பருவுக்குச் சரி. இங்கே லாஸோவால் பருவைச் சுற்றி, மூக்குத்தியின் விளிம்பு வெளியே நிற்கும்படி ஒரு செலக்‌ஷன் போட்டுவிட்டு, அதற்குள் ஹீலிங் செய்ய வேண்டும். கோட்டுக்கு வெளியே இருக்கும் நிறம் உள்ளே வராது.

பரு போனபின்னும் சில இடத்தில் சிவப்பு தங்கும். அதையும் ஹீலிங்கால் துரத்தினால் பாதிக் கன்னம் புதுத் தோலாகிவிடும். சிவப்பு மேடுபள்ளம் அல்ல, நிறம். இன்னொரு வெற்று லேயரை Color முறையில் வைத்து, பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து, மிக லேசாக இரண்டு மூன்று தடவை பூசினால் போதும். வெளிச்சமும் நிழலும் மாறாததால் துளைகள் அப்படியே நிற்கும்.

கன்னம் முழுக்கப் பருவும் தழும்பும் என்றால் மாதிரி எடுக்க நல்ல இடமே அரிது. அப்போது பெரிதாகத் துருத்துவதை மட்டும் எடுத்துவிட்டு, லேயரின் ஓபாசிட்டியை 70 சதவீதத்துக்கு இறக்கி மிச்சத்தை லேசாகத் தெரியவிடுவதே என் கணக்கில் நாணயமான வேலை. முடிந்ததும் லேயரை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள். பரு மட்டும் மறைந்து வந்தால் சரி. கன்னமே துள்ளினால் அதிகமாகச் செய்துவிட்டீர்கள்.

ஒன்றை மட்டும் எந்தக் கருவியாலும் செய்ய முடியாது: படத்தில் இல்லாத துளையைத் திருப்பிக் கொண்டுவருவது. போனின் பியூட்டி மோடில் எடுத்த படத்திலும், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்து சுருங்கிய படத்திலும் தோலின் நுணுக்கம் ஏற்கெனவே போயிருக்கும். அங்கே ஹீலிங் செய்ய மூலப்பொருளே இல்லை.

மச்சம்? இரண்டு வாரத்தில் தானாக மறைவதை எடுக்கலாம், மறையாததை ஆளைக் கேட்காமல் தொடக்கூடாது என்பது ரீடச் செய்பவர்களிடையே பழகிவந்த வழக்கம். மச்சமும் தழும்பும் கன்னக்குழியும் இரண்டாம் வகை. ஆகவே ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்போதே, எதை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாது என்று ஸ்டூடியோவுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு முகத்தையாவது 100 சதவீத அளவில் திரையில் காட்டச் சொல்லுங்கள். அச்சான பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.