சீட்டா, ஆர்.டி.யா: பணம் எந்த மாதம் கைக்கு வருகிறது?

ஏலச்சீட்டில் லாபமா நஷ்டமா என்பது, பணத்தை எத்தனையாவது மாதம் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. முன்னால் எடுப்பவருக்கு அது கடன். கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. வங்கியின் தொடர் வைப்பான ஆர்.டி.யோடு நேராக ஒப்பிடத்தக்கவர் கடைசியில் எடுப்பவர் மட்டுமே.

ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய். நடத்துபவரின் கமிஷன் 5,000. முதல் மாதம் 30,000 தள்ளி ஏலம் போகிறது. தள்ளும் தொகை மாதாமாதம் சீராகக் குறைந்து, கடைசி மாதம் கமிஷன் மட்டும் கழிகிறது என்று கொள்வோம். கமிஷன் போக மிஞ்சும் தள்ளு 20 பேருக்கும் சமமாகப் பிரிவதால், முதல் மாதத் தவணை 3,750தான்; அது மெல்ல ஏறி 5,000ஐத் தொடும். ஒருவர் மொத்தத்தில் கட்டுவது 87,500.

கடைசி ஆள் 95,000 பெறுகிறார். அதே 87,500ஐ மாதம் 4,375 வீதம் 6.5 சதவீத ஆர்.டி.யில் போட்டிருந்தால், அதே நாளில் ஏறக்குறைய 92,000 ஆகியிருக்கும். சீட்டுக்கே வெற்றி. ஆனால் கடைசி மூன்று நான்கு மாதங்களைத் தாண்டி முன்னே வந்தால், எடுத்த பணத்தை வங்கியில் போட்டு வைத்தாலும் ஆர்.டி.யை எட்ட முடியாது.

பத்தாவது மாதம் எடுப்பவர் நிலை வேறு. அவர் கைக்கு வருவது சுமார் 82,000. அதுவரை கட்டியது 40,500க்குச் சற்றுக் குறைவு. அந்தப் பணம் ஆர்.டி.யில் 41,400 ஆகியிருக்கும். ஆக, மீதி 40,600தான் அவர் வாங்கிய கடன். அதற்காக அடுத்த பத்து மாதங்களில் 47,000 கட்டுகிறார். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மாதம் இரண்டே முக்கால் வட்டி! வங்கி நகைக்கடன் கிடைக்கக்கூடியவர் இந்த வட்டிக்கு எடுப்பதில் பொருளில்லை. வேறெங்கும் கடன் கிடைக்காதவருக்குக் கதை வேறு.

கடைசி ஆளின் லாபம்கூட மற்றவர்களின் அவசரத்தால் வருவது. இதே சீட்டில் சராசரித் தள்ளு 10,000 மட்டுமே என்றால், அவர் கட்டுவதும் 95,000, பெறுவதும் 95,000. இருபது மாதக் காத்திருப்புக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. ஆர்.டி.யில் வட்டி முதல் நாளே தெரிந்துவிடும். சீட்டிலோ எல்லா ஏலமும் முடிந்த பிறகுதான் தெரியும்.

அதிக நாள் காத்திருப்பவருக்கே ஆபத்தும் அதிகம். முன்னால் எடுத்தவர்கள் தவணையை நிறுத்தினால் அடி விழுவது பின்னால் இருப்பவர்களுக்கு. 1982ஆம் ஆண்டின் சிட் பண்ட் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் பதிவு செய்து, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் வைக்க வேண்டும். அந்த ஒரு லட்சம் ஒரு மாதச் சீட்டுக்கே சரியாகும். வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. சீட்டுக்கு அது இல்லை. பதிவு செய்யாத சீட்டில் பிணையமும் இல்லை.